லோகோவை அழித்தால் க்ளையன்ட் மறைந்துவிடுவாரா?

"தென்னிந்தியாவின் முன்னணி நகைக்கடன் நிறுவனம் ஒன்றுக்காக..." என்று தொடங்கும் கேஸ் ஸ்டடிகளை, வேலை கேட்டு வரும் டிசைனர்களின் போர்ட்ஃபோலியோக்களில் அடிக்கடி பார்க்கிறேன். கீழே வரிசையாக ஸ்க்ரீன்ஷாட்கள் இருக்கும். லோகோ இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கட்டம். பெயரைச் சொல்லவில்லை, ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று எழுதியவர் நம்புகிறார். ஆனால் அது எந்த நிறுவனம் என்று கண்டுபிடிக்கப் பெரிய துப்பறியும் வேலை ஒன்றும் தேவைப்படுவதில்லை. பட்டனின் நிறமே பாதி சொல்லிவிடும். கிளைகளின் எண்ணிக்கை மீதியைச் சொல்லும். அதுவும் போதவில்லை என்றால் அவருடைய லிங்க்ட்இன் பக்கத்தில் அதே மாதங்களுக்கு நேராக அந்த நிறுவனத்தின் பெயரே எழுதியிருக்கும்.

நான் நிதி நிறுவனங்களுக்கு ஆப் வடிவமைக்கும் ஃப்ரீலான்சர். ஆள் எடுக்கும் குழுக்களிலும் அவ்வப்போது உட்காருவேன். அதனால் இந்த விஷயத்தை மேசையின் இரண்டு பக்கமும் இருந்து பார்க்க வாய்த்திருக்கிறது. போர்ட்ஃபோலியோ இல்லாமல் இந்தத் தொழிலில் அடுத்த வேலை கிடைக்காது. கிடைத்த வேலையில் முக்கால்வாசி வெளியே காட்டக் கூடாத வேலை. இதற்கு எல்லோரும் சொல்லும் தீர்வு ஒன்றுதான்: அடையாளத்தை மறைத்துப் போடு, எழுத்தில் அனுமதி வாங்கு. சரியான தீர்வுதான். ஆனால் மறைப்பது என்றால் என்ன, அனுமதி என்றால் யாருடையது என்பதில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள்.

முதலில் மறைப்பது. ஒரு தகவல் தனியாக நிற்கும்போது யாரையும் காட்டிக்கொடுக்காது. பக்கத்துத் தகவலோடு சேரும்போதுதான் காட்டிக்கொடுக்கும். 2006-ல் அமெரிக்க இணைய நிறுவனமான ஏ.ஓ.எல். ஆய்வாளர்களுக்காக லட்சக்கணக்கான பயனர்களின் தேடல் சொற்களை வெளியிட்டது. பெயர்களை எடுத்துவிட்டு ஆளுக்கொரு எண்ணைப் போட்டிருந்தார்கள். அதில் 4417749 என்ற எண்ணுக்குரிய பெண்மணியை நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் சில நாட்களிலேயே வீடு தேடிப்போய்ச் சந்தித்துவிட்டார்கள். அவர் தேடிய ஊர்ப்பெயரும் குடும்பப்பெயரும் சேர்ந்து ஆளைக் காட்டிவிட்டன. போர்ட்ஃபோலியோவிலும் இதுவேதான் நடக்கிறது. "நகைக்கடன்", "தலைமையகம் இன்ன ஊர்", "இத்தனை கிளைகள்", "2022-ல் தொடங்கிய திட்டம்" என்று நான்கு வரி இருந்தால் ஐந்தாவதாகப் பெயர் எழுத வேண்டியதே இல்லை.

ஆகவே நான் எதையும் தொடங்கும் முன் ஒரே ஒரு கேள்வியை முடிவுசெய்துகொள்கிறேன். இந்த வேலையில் எனக்குப் பெயர் வேண்டுமா, விவரம் வேண்டுமா? இரண்டும் வேண்டும் என்றால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. பெயர் முக்கியம் என்றால் "இன்ன நிறுவனத்துக்குக் கிளை ஊழியர் ஆப்பை வடிவமைத்தேன்" என்று ஒரு வரி மட்டும் எழுதுவேன். திரைகள் எதுவும் இருக்காது. அந்த ஒரு வரிக்கும் அனுமதி கேட்பேன், ஏனென்றால் சில ஒப்பந்தங்களில் நமக்கும் அவர்களுக்கும் உறவு இருப்பதே ரகசியம். விவரம் முக்கியம் என்றால் பெயர் எங்கேயும் இருக்கக் கூடாது. ரெஸ்யூமேயில், லிங்க்ட்இன்னில், க்ளையன்ட் மேலாளர் அன்போடு எழுதிக்கொடுத்த பரிந்துரையில் என எங்கேயும். லிங்க்ட்இன்னில் அந்தக் காலத்துக்கு நேராக "நிதித்துறை நிறுவனங்கள், ஃப்ரீலான்ஸ்" என்று மட்டும் வைத்திருக்கிறேன்.

நகைக்கடன் நிறுவனத்துக்குச் செய்த வேலை ஒன்றையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன். கிளையில் கவுண்டருக்குப் பின்னால் உட்காரும் அப்ரைசருக்கான ஆப் அது. வாடிக்கையாளர் கொண்டுவந்த நகையை உரைகல்லில் உரைத்து, எடை போட்டு, கல்லையும் அரக்கையும் கழித்து, நிகர எடையையும் தரத்தையும் பதிவு செய்ய வேண்டும். பழைய திரையில் இதெல்லாம் ஒரே நீளப் படிவமாக இருந்தது. ஊழியர்கள் முதலில் காகிதத்தில் எழுதிவிட்டு அப்புறம்தான் ஆப்பில் ஏற்றினார்கள். எடை போடும் வரிசையிலேயே திரையும் நகரும்படி மாற்றியதுதான் என் வேலை. நியாயமாகச் சொன்னால் நான் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. காட்டாமல் இருக்க மனம் வரவில்லை.

ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். இங்கே இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று காப்புரிமை, இன்னொன்று ரகசியம். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன் 17-வது பிரிவுப்படி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் பணியின் பகுதியாகச் செய்த படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிதான் முதல் உரிமையாளர். ஃப்ரீலான்சர் கதை வேறு. சில வகைப் படைப்புகளைத் தவிர்த்தால், எழுத்தில் உரிமையை மாற்றிக்கொடுக்கும்வரை பொதுவாக அது படைத்தவருடையது. அப்படி மாற்றிக்கொடுப்பதும் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. இதைப் படித்துவிட்டு "ஒப்பந்தத்தில் உரிமை மாற்றமே இல்லை, டிசைன் என்னுடையது, போடுவேன்" என்று கிளம்புகிறவர்கள் உண்டு. டிசைன் உங்களுடையதாகவே இருக்கட்டும். அதற்குள் இருக்கும் வட்டிக் கணக்கும் மோசடித் தடுப்பு விதியும் உங்களுடையவை அல்லவே. ரகசியம் காப்பதற்கான ஒப்பந்தமான என்.டி.ஏ.வில் கையெழுத்துப் போட்டிருந்தால் உரிமை யாருடையது என்பது அங்கே கேள்வியே இல்லை. 57-வது பிரிவு "இதைப் படைத்தவன் நான்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. வாங்கிவைத்த ரகசியத்தை வெளியே சொல்லும் உரிமையை அது தரவில்லை.

என்.டி.ஏ.வில் நான் பார்ப்பது மூன்று இடங்கள். ரகசியத் தகவல் என்பதற்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்பது முதலாவது. "ரகசியம் என்று குறிக்கப்பட்டவை" என்று இருந்தால் வேறு, "வேலையின்போது தெரியவந்த எல்லாமும்" என்று இருந்தால் வேறு. இரண்டாவது, ஒப்பந்தம் முடிந்த பிறகும் எத்தனை காலம் கட்டுப்படுத்தும் என்பது. வேலை முடிந்ததோடு கடமையும் முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த வரியைத்தான் படித்திருக்க மாட்டார்கள். மூன்றாவது, அனுமதி எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது. "முன்கூட்டிய எழுத்துபூர்வ ஒப்புதல்" என்று மட்டும் இருந்தால் நிறுவன மின்னஞ்சலில் வரும் பதில் பொதுவாகப் போதும். மின்னணு வழியில் ஏற்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் "அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட்ட கடிதம்" என்று ஒப்பந்தமே கேட்டிருந்தால் கடிதம்தான் வாங்க வேண்டும்.

என் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்த வேலை நேரடியாக வரவில்லை, ஒரு ஏஜென்சி வழியாக வந்தது. நகைக்கடன் நிறுவனம் ஏஜென்சியோடு ஒப்பந்தம் போட்டது, ஏஜென்சி என்னோடு போட்டது. ஏஜென்சி மேலாளர், "தம்பி, நீங்க தாராளமா போட்டுக்கோங்க, நாங்க எதுவும் சொல்ல மாட்டோம்" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் தன்னிடம் இல்லாத ஒன்றை அவரால் கொடுக்க முடியாது. ரகசியம் யாருடையதோ அவர்கள்தான் அனுமதிக்க வேண்டும். அவரிடம் நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "சார், அவங்க பக்கத்துல யாருக்கு மெயில் போடணும், உங்களை சிசியில வெச்சு நானே போடலாமா?"

மெயிலுக்கு முன்பே கேஸ் ஸ்டடியை முழுதாகத் தயார் செய்தேன். இந்த வரிசை முக்கியம். "உங்கள் ப்ராஜெக்டை போர்ட்ஃபோலியோவில் போடலாமா?" என்று வெறுமனே கேட்டால் எதிரில் இருப்பவருக்கு என்ன போடப்போகிறோம் என்றே தெரியாது. தெரியாத ஒன்றுக்குச் சட்டப் பிரிவில் இருப்பவர் சொல்லும் பதில் எப்போதும் "வேண்டாம்"தான். கையில் ஒரு பி.டி.எஃப். இருந்தால் அதைப் பார்த்து இதை எடு, அதை வை என்று சொல்வார். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.

இனி மறைக்கும் வேலை. ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்து மங்கலாக்குவதை நான் செய்வதே இல்லை. எழுத்தை மொசைக் போல ஆக்கினால் படிக்க முடியாது என்பது கண்ணுக்குத்தான். எழுத்துருவும் கட்டத்தின் அளவும் தெரிந்தால் எந்தெந்த எழுத்தை மொசைக் ஆக்கினால் அந்தக் கட்டங்கள் வரும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். அதைச் செய்துகாட்டும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கறுப்புப் பட்டையிலும் இதே போல ஆபத்து உண்டு. 2019 ஜனவரியில் அமெரிக்காவில் ட்ரம்ப்பின் முன்னாள் பிரசாரத் தலைவர் பால் மனஃபோர்ட் வழக்கில் அவருடைய வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த பி.டி.எஃப்.பில் கறுப்புப் பட்டைக்குக் கீழே இருந்த வரிகளை, தேர்வு செய்து காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டியே எல்லோரும் படித்துவிட்டார்கள். வெட்டினால் தீருமா என்றால் அதுவும் இல்லை. 2023-ல் கூகுளின் பிக்சல் போன்களின் ஸ்க்ரீன்ஷாட் திருத்தும் கருவியில் ஒரு குறை வெளிவந்தது. வெட்டி எறிந்ததாக நினைத்த பகுதி கோப்புக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது, அதை மீட்கவும் முடிந்தது. குறையைச் சரிசெய்துவிட்டார்கள். அதற்கு முன்பே பகிரப்பட்ட படங்களை யாரால் சரிசெய்ய முடியும்?

அதனால் திரையை மறுபடி வரைகிறேன். ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் புதுக் கோப்பு. பழைய கோப்பை டூப்ளிகேட் செய்து பெயர் மாற்றுவதில்லை, வெறும் பக்கத்தில் இருந்து தொடங்குகிறேன். டூப்ளிகேட் செய்தால் லேயர் பெயர்களிலும் காம்பொனென்ட் பெயர்களிலும் க்ளையன்ட்டின் பெயர் எங்காவது ஒளிந்திருக்கும். ஃபிக்மாவில் வெட்டிய படத்தின் மறைந்த பகுதியும் கோப்பிலேயே இருக்கும். நிறங்களைச் சாம்பலும் ஒரு நடுநிலையான நீலமும் என்று மாற்றினேன். எழுத்துருவையும் மாற்றினேன். ஐகான்கள் பொதுவான ஒரு தொகுப்பில் இருந்து. அவர்களுக்கே உரிய சொற்கள் இருந்தன, கடன் திட்டங்களுக்கு அவர்கள் வைத்திருந்த விளம்பரப் பெயர்கள். அவற்றை "திட்டம் அ", "திட்டம் ஆ" என்று ஆக்கினேன். கடன் எண்ணின் அமைப்பிலும் கவனம் வேண்டும். முதல் மூன்று எழுத்து கிளையையும் அடுத்த இரண்டு வருடத்தையும் குறிக்கும் வகையில் இருந்தால், அந்த நிறுவனத்தில் வேலை பார்த்தவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

உண்மையான வாடிக்கையாளர் தகவல் எதுவும் இருக்கவே கூடாது. பெயர், கைபேசி எண், ஆதாரின் கடைசி நான்கு இலக்கம், நகையின் புகைப்படம் என எதுவும். இதில் க்ளையன்ட்டின் அனுமதிகூட உதவாது. அந்தத் தகவல் க்ளையன்ட்டுடையது இல்லை, அடகு வைத்தவருடையது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அது இல்லாவிட்டாலும் ஒருவர் தாலிக்கொடியை அடகு வைத்த விவரத்தை என் போர்ட்ஃபோலியோவில் ஏன் வைக்க வேண்டும்?

மாற்றிப் போடும் எண்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நான் போட்டது இப்படி: மொத்த எடை 24.300 கிராம், கல் மற்றும் அரக்குக் கழிவு 1.100 கிராம், நிகர எடை 23.200 கிராம். கிராமுக்கு 5,000 ரூபாய் என்று ஒரு முழு எண்ணை வேண்டுமென்றே வைத்தேன், அப்போதுதான் அது எந்த நாளின் உண்மையான விலையும் இல்லை என்பது பார்த்தவுடன் தெரியும். மதிப்பு 1,16,000 ரூபாய். அதில் 75 சதவீதம் கடன் என்று வைத்துக்கொண்டால் 87,000. திரையிலும் அதே 87,000. அதற்குப் பதிலாக 23 கிராமுக்கு நாலரை லட்சம் கடன் என்று ஏதோ ஒரு எண்ணைத் தட்டிவிட்டால், நகைக்கடன் பக்கம் வேலை பார்த்த ஒருவர் நேர்காணலில் இருந்தால் அங்கேயே சிரித்துவிடுவார். கணக்கே தெரியாதவர் இந்தத் திரையை எப்படி வடிவமைத்தார் என்ற சந்தேகமும் வரும்.

இதுவரை சொன்னது எல்லாம் பெயரை மறைக்கும் வேலை. உண்மையான ரகசியம் வேறு இடத்தில் இருந்தது. அந்த ஆப்பில் கடன் தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் "இரண்டாம் மதிப்பீடு தேவை" என்று ஒரு பட்டை வரும். இன்னொரு அப்ரைசர் வந்து உரைத்துப் பார்க்காமல் பணம் போகாது. போலி நகையைத் தடுக்கும் ஏற்பாடு. டிசைனராக எனக்கு அந்தப் பட்டைதான் பெருமை, ஏனென்றால் வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அவரைச் சந்தேகப்படுவதுபோல் தெரியாமல் அதைக் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் கொஞ்சம் யோசித்தால், அந்த வரம்பு எவ்வளவு என்பது வெளியே தெரிந்தால் யாருக்குப் பயன்? தங்க முலாம் பூசிய வளையலோடு வருகிறவருக்குத்தான். அவர் வரம்புக்கு ஆயிரம் ரூபாய் கீழே கடன் கேட்பார். பெயரை மறைத்திருந்தாலும் இந்த ஆபத்து குறையாது, இதே தொழிலில் இருக்கும் பல நிறுவனங்களின் விதிகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதால். நான் வரம்பை மாற்றி எழுதி, "வரம்பு மாற்றப்பட்டுள்ளது" என்று குறிப்பும் போட்டு அனுப்பினேன்.

விளைவைச் சொல்லும் எண்களில் மட்டும் பொய் கூடாது. திரைக்குள் இருக்கும் மாதிரி எண்ணை மாற்றலாம், "இவை மாதிரி எண்கள்" என்று அடியில் எழுதிவிட வேண்டும். ஆனால் "இந்த மாற்றத்தால் நேரம் இவ்வளவு குறைந்தது" என்பது நான் வாசிப்பவரிடம் வைக்கும் கூற்று. அதை மாற்றினால் அது மோசடி. மறைக்கவும் வேண்டும், பொய்யும் சொல்லக் கூடாது என்றால் ஒரு வழி உண்டு: நிமிடக் கணக்கை விட்டுவிட்டு விகிதத்தை மட்டும் சொல்வது. ஓர் அடகைப் பதிவு செய்யச் சராசரியாக எத்தனை நிமிடம் என்பது நிறுவனத்தின் உள்விவரம். போட்டி நிறுவனம் அதைவைத்து ஒரு கிளை நாளைக்கு எத்தனை வாடிக்கையாளரைக் கையாளும் என்று கணக்குப் போடலாம். "ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது" என்றால் அந்தக் கணக்குப் போட முடியாது, என் வேலையின் பலனும் தெரியும்.

படங்களை ஏற்றுமதி செய்த பிறகு கோப்புகளைச் சோதிக்க வேண்டும். கோப்பின் பெயரே க்ளையன்ட்டின் பெயராக இருப்பதுதான் நான் அதிகம் பார்த்த ஓட்டை. படத்தை வலது க்ளிக் செய்து சேமித்தாலே தெரிந்துவிடும். படத்துக்கான மாற்று உரையும், பக்கத்தின் முகவரியும், வாட்ஸ்அப்பில் இணைப்பை ஒட்டினால் வரும் முன்னோட்டப் படமும் அடுத்தடுத்த இடங்கள். படங்களுக்குள் இருக்கும் மெட்டாடேட்டாவை எடுக்கவும், பி.டி.எஃப்.பில் பெயர் எங்காவது தங்கியிருக்கிறதா என்று தேடவும் இது போதும்:

```
exiftool -all= -overwrite_original *.png
pdftotext case-study.pdf - | grep -i "clientname"
exiftool case-study.pdf
```

இரண்டாவது வரியில் `clientname` இருக்கும் இடத்தில் உண்மைப் பெயரையும், அடுத்தடுத்து ஓட்டி அதன் சுருக்கத்தையும் திட்டத்தின் உள்பெயரையும் தேட வேண்டும். மூன்றாவது வரி பி.டி.எஃப்.பின் தலைப்பு, ஆசிரியர் போன்ற புலங்களைக் காட்டும். அதில் ஏதாவது இருந்தால் exiftool-ஐ வைத்து அழிக்க முயலாதீர்கள். பி.டி.எஃப்.பில் அது செய்யும் மாற்றத்தைத் திரும்பப் பெற முடியும். மூலக் கோப்பில் திருத்திவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்வதே நல்லது.

இதற்கெல்லாம் பிறகு என் தோழி ஒருவரிடம் கொடுத்தேன். வங்கியில் வேலை பார்த்தவர், இந்த ப்ராஜெக்டைப் பற்றி எதுவும் தெரியாதவர். "அக்கா, இது எந்த நிறுவனம்னு கண்டுபிடிங்க, கூகுளையும் பயன்படுத்திக்கலாம்" என்றேன். அவர் திரைகளைப் பார்க்கவே இல்லை. நேராக என் எழுத்தைப் படித்தார். "கிளைகள் அதிகமும் கிராமப்புறங்களில், பெண் வாடிக்கையாளர்களுக்கெனத் தனிக் கவுண்டர்" என்று பின்னணி சொல்ல ஒரு வரி எழுதியிருந்தேன். "இதைத்தான் டிவி விளம்பரத்துல சொல்றாங்களே" என்றார். வரி போய்விட்டது. தொழிலில் இருக்கும் ஒருவரிடம் இப்படிக் காட்டுவது எந்த மென்பொருளும் செய்யாத சோதனை. ஆனால் அவரும் நம்பிக்கைக்குரியவராக இருக்க வேண்டும், உண்மையான கோப்பு எதையும் அவரிடம் காட்டக் கூடாது.

பிறகு மெயில். நான் அனுப்பியது ஆங்கிலத்தில். சாரம் இதுதான்:

"வணக்கம் மேடம். உங்கள் கிளை ஊழியர் ஆப்பில் ஏஜென்சி வழியாக நான் செய்த வடிவமைப்பைப் பற்றி ஒரு கேஸ் ஸ்டடி தயாரித்திருக்கிறேன். இணைப்பில் உள்ள 11 பக்க பி.டி.எஃப்., முதல் பதிப்பு, இதுதான் நான் காட்ட விரும்புவது முழுவதும். இதில் உங்கள் நிறுவனத்தின் பெயர், லோகோ, நிறங்கள், வாடிக்கையாளர் தகவல் எதுவும் இல்லை. எண்கள் மாதிரிக்காகப் போடப்பட்டவை. இதை என் சொந்த இணையதளத்திலும் வேலைக்கான நேர்காணல்களிலும் மட்டும் காட்ட அனுமதி கேட்கிறேன். சமூக ஊடகங்களிலோ மேடைகளிலோ பயன்படுத்த மாட்டேன். நிறுவனத்தின் பெயரை யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன். நீங்கள் எப்போது எடுக்கச் சொன்னாலும் 7 வேலை நாட்களுக்குள் எடுத்துவிடுவேன். மாற்ற வேண்டியவை இருந்தால் பக்க எண்ணோடு குறிப்பிடுங்கள். ஒப்புதல் என்றால், ஒப்புதல் அளிக்கும் அதிகாரம் உள்ளவர் இந்த மெயிலுக்கே பதில் அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரியை நான் விடுவதே இல்லை. நமக்குப் பழக்கமான ப்ராடக்ட் மேனேஜர் வாட்ஸ்அப்பில் "ஓகே ப்ரோ, போட்டுக்கோ" என்று கட்டைவிரலைக் காட்டிவிடுவார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் எதற்கு ஓகே, எவ்வளவு நாளைக்கு ஓகே என்பது அதில் இல்லை. ஆறு மாதத்தில் அவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டால் அவருடைய இடத்துக்கு வருபவருக்கு அந்தக் கட்டைவிரல் ஒன்றையும் சொல்லாது. ஒப்புதலுக்கும் அந்த பி.டி.எஃப்.புக்கும் இடையே முடிச்சு இருக்க வேண்டும். அதனால்தான் இணைப்போடு கேட்பது, அதே மெயில் இழையிலேயே பதில் வாங்குவது.

ப்ராடக்ட் தலைவரிடம் இருந்து சட்டப் பிரிவுக்கும், அங்கிருந்து கம்ப்ளையன்ஸ் பிரிவுக்கும் போய்ப் பதில் வர சில வாரங்கள் ஆயின. நடுவில் ஒருமுறை மட்டும் நினைவூட்டினேன். வந்த பதிலில் இரண்டு நிபந்தனைகள். இரண்டாம் மதிப்பீட்டுத் திரையை முழுதாக எடுத்துவிட வேண்டும், வரம்பை மாற்றிப் போட்டிருந்தாலும் சரி, அப்படி ஒரு சோதனை எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதே வெளியே தெரியக் கூடாது என்றார்கள். நான் வரம்பைத்தான் ரகசியம் என்று நினைத்திருந்தேன், அவர்களுக்கு அந்தச் சோதனை வரும் இடமே ரகசியம். தங்கள் ஆபத்தை அவர்கள் என்னைவிட நன்றாக அறிந்தவர்கள், வாதாடவில்லை. இன்னொன்று, ஆப்பின் அந்தப் பதிப்பு எல்லாக் கிளைகளுக்கும் போய்ச் சேர்ந்த பிறகே வெளியிட வேண்டும் என்பது. இரண்டையும் ஏற்று, 9 பக்கமாகக் குறைத்த இரண்டாம் பதிப்பை அதே இழையில் அனுப்பினேன். "ஒப்புதல் அளிக்கப்படுகிறது, இரண்டாம் பதிப்புக்கு மட்டும்" என்று ஒரு வரி வந்தது. அந்த மெயில் இழையை பி.டி.எஃப்.பாகச் சேமித்து, கேஸ் ஸ்டடியின் அதே பதிப்போடு ஒரே ஃபோல்டரில் வைத்திருக்கிறேன். பிறகு தளத்தில் ஒரு படத்தை மாற்றத் தோன்றினாலும் மறுபடி கேட்டாக வேண்டும்.

பெருமைப்பட்ட திரை போய்விட்டதே என்றால், ஆமாம், போய்விட்டது. நேர்காணலில் வாய்வழியாகச் சொல்லலாமே என்று சிலர் கேட்பார்கள். என்.டி.ஏ.வுக்கு வாயும் இணையதளமும் ஒன்றுதான். சொல்லப்போனால் நேர்காணல் எடுப்பவர் பெரும்பாலும் அதே தொழிலில் இருக்கும் போட்டி நிறுவனம், அங்கே சொல்வதில்தான் ஆபத்து அதிகம். கடவுச்சொல் போட்ட பக்கம் என்பதும் அனுமதிக்கு மாற்று இல்லை. பார்ப்பவர்களின் எண்ணிக்கையைத்தான் அது குறைக்கும், மீறலை மீறல் இல்லை என்று ஆக்காது. அந்தக் கடவுச்சொல்லைத் தேர்வுக் குழுவில் நான்கு பேர் பார்க்கும் மெயிலில் அனுப்பிய பிறகு அது எங்கெல்லாம் போகும் என்பதும் நம் கையில் இல்லை. நான் செய்தது, அந்தப் பட்டையின் பின்னால் இருந்த சிக்கலை வேறு களத்துக்கு எடுத்துப்போனது. எதிரில் இருக்கும் மனிதரைப் புண்படுத்தாமல் ஓர் ஊழியருக்கு எச்சரிக்கை காட்டுவது எப்படி என்பதை, ஒரு கற்பனையான நூலகக் கவுண்டரை வைத்துத் தனிப் பயிற்சியாகச் செய்து, "க்ளையன்ட் வேலை அல்ல" என்று தலைப்பிலேயே எழுதிப் போட்டிருக்கிறேன். நேர்காணல்களில் அதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் முந்தைய க்ளையன்ட்டின் இன்னும் வெளிவராத அம்சத்தை ஆர்வத்தோடு காட்டினால், வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் எங்கள் குழுவில் யாராவது ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். நாளை நம்முடையதையும் இப்படித்தான் காட்டுவார் என்ற கணக்கு அது. "இந்த இடத்தில் ஒரு திரை இருந்தது, க்ளையன்ட் எடுக்கச் சொன்னார்" என்று ஒருவர் சொன்னபோது யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை.

இப்போதெல்லாம் இந்தப் பேச்சை வேலை முடிந்த பிறகு வைத்துக்கொள்வதில்லை. கொட்டேஷன் அனுப்பும்போதே ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்: "பொது வெளியீட்டுக்கு 90 நாட்களுக்குப் பிறகு, அடையாளம் நீக்கிய கேஸ் ஸ்டடி ஒன்றை க்ளையன்ட் பார்த்து எழுத்தில் ஒப்புதல் அளித்த பின், வடிவமைப்பாளர் தம் தளத்தில் வெளியிடலாம், ஒப்புதலை நியாயமான காரணமின்றி மறுக்கலாகாது." வேலை கொடுக்கும் ஆர்வத்தில் இருக்கும்போது க்ளையன்ட்டுக்கு இது பெரிய விஷயமாகத் தெரிவதில்லை, பலரும் அப்படியே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். சிலர் அந்த வரியை அடித்துவிட்டு அனுப்புவார்கள். அவர்களுக்குக் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். காரணம் கேட்டால், "இந்த வேலையைக் காட்டி எனக்கு அடுத்த வேலை வராது சார், அதுக்கும் சேர்த்துத்தான்" என்கிறேன். பேரம் பேசுவார்கள். ஆனால் அந்தக் காரணத்தைத் தப்பு என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.